அம்புக்குறிகள் சொல்லாதது: தமனி இரத்த வாயு அட்டவணையை வாசிக்கும் முறை

மருத்துவ, செவிலியர் வகுப்பறைகளில் ஏ.பி.ஜி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தமனி இரத்த வாயுப் பரிசோதனையை, பெரும்பாலும் அம்புக்குறிகள் நிறைந்த ஒரு ஸ்லைடின் வழியாகத்தான் அறிமுகப்படுத்துகிறார்கள். pH-உம் கார்பன் டை ஆக்சைடும் எதிரெதிர்த் திசையில் போனால் கோளாறு சுவாசத்தில். pH-உம் பைகார்பனேட்டும் ஒரே திசையில் போனால் கோளாறு வளர்சிதை மாற்றத்தில். இதை நினைவில் வைக்க ‘ரோம்’ என்ற சுருக்கச் சொல்லையும் கற்றுக்கொடுக்கிறார்கள்.

இந்த விதி தவறானதல்ல. ஆனால் அது முதல் கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. எண் எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை அம்பு காட்டும். நகர வேண்டிய அளவுக்கு நகர்ந்ததா என்பதைக் காட்டாது. நோயாளியின் ஆபத்து பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

## மூன்று எண்களும் அவற்றின் உறவும்

இரத்தத்தில் அமிலம் எவ்வளவு என்பதை pH காட்டுகிறது. இயல்பு 7.35 முதல் 7.45 வரை. அதற்குக் கீழே போனால் இரத்தம் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கிறது. மேலே போனால் காரப் பக்கம்.

PaCO₂ என்பது தமனி இரத்தத்தில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம். இயல்பு 35 முதல் 45 மி.மீ. பாதரசம். இது நீரில் கரையும்போது அமிலமாகிறது. இதை வெளியேற்றுவது நுரையீரல். மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் ஆனால் சில நிமிடங்களிலேயே இந்த எண் இறங்கிவிடும்.

HCO₃ என்பது பைகார்பனேட், அதாவது அமிலத்தை ஏற்று அடக்கும் காரம். இயல்பு லிட்டருக்கு 22 முதல் 26 மில்லிமோல். இதைச் சேமிப்பதும் கழிப்பதும் சிறுநீரகத்தின் வேலை. அது மெதுவான வேலை. முழுமையடைய மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும்.

pH இந்த இரண்டில் எதையும் தனியாகச் சார்ந்ததல்ல. இரண்டுக்கும் இடையிலான விகிதத்தைச் சார்ந்தது. ஹைட்ரஜன் அயனியை லிட்டருக்கு நானோமோல் கணக்கில் எடுத்துக்கொண்டால் உறவு இப்படி இருக்கும்:

```
H+ = 24 × PaCO2 / HCO3
```

இயல்பான எண்களைப் போட்டால் 24 × 40 / 24 = 40. அது pH 7.40-க்குச் சமம். மேலே உள்ள PaCO₂ கூடினாலும், கீழே உள்ள HCO₃ குறைந்தாலும் அமிலம் கூடும். இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறினால் pH அசையாது.

அசிடோசிஸ் என்பது இரத்தத்தை அமிலப் பக்கம் தள்ளும் கோளாறு. ஆல்கலோசிஸ் என்பது காரப் பக்கம் தள்ளும் கோளாறு. இரண்டும் ஒரே உடலில், ஒரே நேரத்தில் நடக்கலாம். அப்போது pH காட்டுவது இரு தள்ளல்களுக்கும் பிறகு மிஞ்சியதை மட்டுமே.

## கோபன்ஹேகன், 1952: ஒற்றை எண்ணை நம்பியதன் விலை

1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் விழுங்கும் தசையும் மூச்சுத் தசையும் செயலிழந்த நோயாளிகள் குவிந்தார்கள். அவர்களுடைய இரத்தத்தில் மொத்தக் கார்பன் டை ஆக்சைடின் அளவு மிகவும் உயர்ந்திருந்தது. அந்த அளவின் பெரும்பகுதி பைகார்பனேட்தான். ஆகவே இரத்தத்தில் காரம் மிகுந்துவிட்டது என்றும், இது காரணம் புரியாத ஆல்கலோசிஸ் என்றும் மருத்துவர்கள் முடிவு செய்தார்கள்.

மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் அதை ஏற்கவில்லை. மூச்சு போதாததால் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறது, பைகார்பனேட் உயர்ந்திருப்பது அதன் விளைவு, ஆகவே இது சுவாச அசிடோசிஸ் என்றார். ஆகஸ்ட் மாத இறுதியில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழாயில் துளையிட்டு, கையால் அழுத்தும் பையைக் கொண்டு காற்றைச் செலுத்திக் காட்டினார். அவள் பிழைத்தாள். ஆய்வகத் தலைவர் பவுல் ஆஸ்ட்ரப் pH-ஐ நேரடியாக அளந்தபோது அது தாழ்ந்திருப்பது உறுதியானது. அதன்பின் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையால் பை அழுத்தினார்கள். கடுமையான நோயாளிகளிடையே 80 சதவீதத்துக்கும் மேலிருந்த இறப்பு, சுமார் 40 சதவீதமாகக் குறைந்தது.

அந்த மருத்துவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். அவர்கள் கையில் விகிதத்தின் ஒரு பாதி மட்டுமே இருந்தது. இன்று இயந்திரம் மூன்று எண்களையும் தருகிறது. இருந்தும் ‘பைகார்பனேட் 32, ஆகவே ஆல்கலோசிஸ்’ என்று எழுதும் விடைத்தாள்கள் குறையவில்லை.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளி ஒருவரின் அட்டவணையைப் பாருங்கள்: pH 7.34, PaCO₂ 60, HCO₃ 32. இதே PaCO₂ 60, தூக்க மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டு சற்றுமுன் மூச்சு மந்தமான ஒருவருக்கு வந்தால், HCO₃ 26-ஐ ஒட்டியும் pH 7.26-ஐ ஒட்டியும் இருக்கும். திடீர்த் தேக்கத்தில் PaCO₂ 10 கூடும்போது பைகார்பனேட் 1 மட்டுமே கூடுகிறது. நாள்பட்ட தேக்கத்தில் ஏறத்தாழ 4 கூடுகிறது. சிறுநீரகத்துக்குக் கிடைத்த கால அவகாசம்தான் இந்த வித்தியாசம். அட்டவணையில் கடிகாரம் இல்லை. ஆனால் HCO₃ வரிசையில் நோயின் வயது எழுதப்பட்டிருக்கிறது.

## வாசிக்கும் வரிசை

1. முதலில் pH. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். இயல்பாக இருந்தாலும் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

2. அந்தச் சாய்வை விளக்குவது PaCO₂-ஆ, HCO₃-ஆ? அம்பு விதி பயன்படும் இடம் இதுதான். இரண்டும் ஒரே பக்கம் தள்ளினால், அப்போதே இரண்டு கோளாறுகள் இருப்பது உறுதி.

3. மற்ற எண் எதிர்பார்த்த அளவுக்கு நகர்ந்திருக்கிறதா? இதைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது, கணக்கிட வேண்டும்.

4. அனயான் இடைவெளியைக் கணக்கிடுங்கள். pH என்னவாக இருந்தாலும் இதைச் செய்ய வேண்டும்.

5. நோயாளியின் வரலாற்றோடு பொருத்திப் பாருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, இன்சுலின், உட்கொண்ட மருந்து, சிறுநீரின் அளவு ஆகியவை இல்லாமல் காரணத்தைச் சொல்ல முடியாது.

மூன்றாவது படிதான் அதிகம் தவறவிடப்படுகிறது. அதன் அடிப்படை எளியது. ஒரு பக்கம் கெடும்போது மறுபக்கம் ஈடுகட்ட முயல்கிறது. அந்த ஈடுகட்டலுக்கு ஓர் அளவு உண்டு. வளர்சிதை மாற்ற அசிடோசிஸில் அந்த அளவைத் தருவது வின்டர்ஸ் சூத்திரம்:

```
PaCO2 (எதிர்பார்ப்பு) = 1.5 × HCO3 + 8   (± 2)
```

அளந்த PaCO₂ இந்த வரம்புக்கு மேலே இருந்தால் சுவாச அசிடோசிஸும் சேர்ந்திருக்கிறது. கீழே இருந்தால் சுவாச ஆல்கலோசிஸ் சேர்ந்திருக்கிறது.

## ஒரு நோயாளி, மூன்று அட்டவணைகள்

கற்பதற்காக அமைத்த எண்கள் இவை. ஆனால் அவசரப் பிரிவுகளில் அன்றாடம் காணக்கூடியவை. 24 வயது இளைஞர், முதல் வகை நீரிழிவு. காய்ச்சல் வந்து சாப்பிட முடியாததால் இரண்டு நாட்களாக இன்சுலின் போடவில்லை. ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுகிறார்.

```
முதல் அட்டவணை (சேர்க்கையின்போது)
pH      7.23
PaCO2   22
HCO3     9
Na     132
Cl      96
```

pH அமிலப் பக்கம். HCO₃ தாழ்ந்திருப்பதே அதை விளக்குகிறது. ஆகவே வளர்சிதை மாற்ற அசிடோசிஸ். எதிர்பார்த்த PaCO₂ = 1.5 × 9 + 8 = 21.5. அளந்தது 22. நுரையீரல் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. அந்த ஆழ்ந்த மூச்சு இந்த நிலையில் அவரைக் காப்பாற்றும் வேலை. அதைத் தனி நோயாகக் கருதி மருந்தால் அடக்கக் கூடாது.

மூன்று மணி நேரம் கழித்து அவர் சற்று அமைதியாகத் தெரிகிறார். மூச்சின் வேகமும் குறைந்திருக்கிறது.

```
இரண்டாம் அட்டவணை (மூன்று மணி நேரம் கழித்து)
pH      7.07
PaCO2   32
HCO3     9
```

அம்பு முறையில் வாசிப்பவர் என்ன எழுதுவார்? pH கீழே, HCO₃ கீழே, PaCO₂-உம் கீழே. ‘ஓரளவு ஈடுகட்டப்பட்ட வளர்சிதை மாற்ற அசிடோசிஸ்’ என்றே எழுதுவார். முதல் அட்டவணைக்கும் அதே விடையைத்தான் எழுதியிருப்பார். அம்புகள் மாறவே இல்லை.

ஆனால் எதிர்பார்த்த PaCO₂ இன்னும் 21.5 தான். 32 என்பது இயல்பை விடக் குறைவு. இந்த நோயாளிக்குத் தேவையானதை விட 10 அதிகம். அதாவது சுவாச அசிடோசிஸும் சேர்ந்துவிட்டது. மூச்சுத் தசைகள் களைத்துவிட்டனவா, நிமோனியா முற்றிவிட்டதா, யாரேனும் தூக்க மருந்து கொடுத்தார்களா என்று உடனே தேட வேண்டும். அவருடைய ‘அமைதி’ தேறுதல் அல்ல. பைகார்பனேட் இம்மியும் மாறாமலேயே அமிலம் லிட்டருக்கு 59 நானோமோலிலிருந்து 85-ஆக உயர்ந்திருக்கிறது.

இதே கணக்கு வென்டிலேட்டர் விஷயத்தில் இன்னும் கடுமையாகப் பேசுகிறது. இவருக்குக் குழாய் பொருத்திவிட்டு, வழக்கமான மூச்சு எண்ணிக்கையில் இயந்திரத்தை அமைத்தால் PaCO₂ 40-க்கு வந்துவிடும். பாடநூல்படி அது இயல்பான எண். ஆனால் 24 × 40 / 9 = 107; அதாவது pH 6.97. இயல்பான ஓர் எண்ணே இதயத்தை நிறுத்தும் அளவுக்கு ஆபத்தாக முடியும். அதனால்தான் இத்தகைய நோயாளிக்கு இயந்திர சுவாசத்தைத் தவிர்க்க முயல்கிறார்கள். தவிர்க்க முடியாதபோது, அவர் தானாக விட்டுக்கொண்டிருந்த அளவுக்கு ஈடாக அதிக மூச்சைக் கொடுக்கும்படி அமைக்கிறார்கள்.

## காரணத்தைக் காட்டுவது அனயான் இடைவெளி

வளர்சிதை மாற்ற அசிடோசிஸ் என்று தெரிந்தபின், அந்த அமிலம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. அதற்கு வாயு அட்டவணை மட்டும் போதாது. சோடியமும் குளோரைடும் வேண்டும்.

```
அனயான் இடைவெளி = Na − (Cl + HCO3)
```

வழக்கமாக இது 8 முதல் 12 வரை. ஆய்வகத்தைப் பொறுத்துச் சற்று மாறும். இரத்தத்தில் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் சமமாகவே இருக்கும். நாம் எல்லாவற்றையும் அளப்பதில்லை என்பதால்தான் ஓர் இடைவெளி தெரிகிறது. புதிதாக ஓர் அமிலம் வந்து பைகார்பனேட்டை அழித்து, தன் எச்சத்தை இரத்தத்தில் விட்டால் இடைவெளி விரியும். பைகார்பனேட் வெளியே கொட்டிப்போய் அந்த இடத்தைக் குளோரைடு நிரப்பினால் இடைவெளி மாறாது.

நம் நோயாளியின் முதல் அட்டவணையில் 132 − (96 + 9) = 27. இயல்பின் மேல் எல்லையான 12-ஐ விட 15 அதிகம். பைகார்பனேட்டும் 24-லிருந்து 15 குறைந்திருக்கிறது. இரண்டும் பொருந்துகின்றன: ஒரே அமிலம், வேறு கோளாறு இல்லை. இன்சுலின் நின்றுபோன வரலாற்றோடு சேர்த்தால் அது கீட்டோன். இரத்தத்தில் கீட்டோனை அளந்து உறுதி செய்யலாம்.

இடைவெளி விரியும்போது தேட வேண்டிய காரணங்கள் நான்கு திசைகளில் இருக்கின்றன: கீட்டோன், இரத்த ஓட்டம் குறையும்போது சேரும் லாக்டேட், சிறுநீரகச் செயலிழப்பு, நச்சு. கீட்டோனும் லாக்டேட்டும் விரிவை விளக்கவில்லை, சிறுநீரகமும் நன்றாக இருக்கிறது என்றால் நச்சைக் கட்டாயம் நினைக்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற மெத்தனால் அத்தகைய நச்சு. உடல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. இடைவெளியை விரிப்பதும் கண்பார்வையைப் பறிப்பதும் அந்த அமிலம். இந்த மாற்றத்துக்குப் பல மணி நேரம் ஆகும். ஆகவே குடித்த சற்று நேரத்தில் எடுத்த அட்டவணை இயல்பாகவே இருக்கக்கூடும். அதைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது உயிருக்கே ஆபத்து.

இடைவெளி விரியாத அசிடோசிஸுக்கு மிகப் பொதுவான காரணம் வயிற்றுப்போக்கு. சிறுநீரக நுண்குழல்கள் அமிலத்தை வெளியேற்றத் தவறுவது இன்னொன்று. மூன்றாவது காரணம் மருத்துவமனையிலேயே உருவாகிறது. நம் நோயாளியின் மறுநாள் அட்டவணை அதைக் காட்டுகிறது. நிமோனியா கண்டறியப்பட்டு, மூச்சுக்கு உதவியும் இன்சுலினும் சலைனும் கொடுத்து அவர் தேறியபின் எடுத்தது இது.

```
மூன்றாம் அட்டவணை (மறுநாள் காலை)
pH      7.32
PaCO2   32
HCO3    16
Na     138
Cl     112
```

PaCO₂ மீண்டும் 32. இரண்டாம் அட்டவணையில் இதே 32 அபாயமாக இருந்தது. இப்போது எதிர்பார்ப்பு 1.5 × 16 + 8 = 32; மிகச் சரியாகப் பொருந்துகிறது. நுரையீரலில் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

பைகார்பனேட் மட்டும் இன்னும் தாழ்ந்திருக்கிறது. கீட்டோன் இன்னும் போகவில்லை என்று எண்ணத் தோன்றும். இடைவெளியைப் பாருங்கள்: 138 − (112 + 16) = 10. கீட்டோன் நீங்கிவிட்டது. மிஞ்சியிருப்பது சலைனில் ஏராளமாக இருக்கும் குளோரைடால் வந்த அசிடோசிஸ். சிறுநீரகம் நலமாக இருந்தால் அது தானே சரியாகும். HCO₃-ஐ மட்டும் துரத்துபவர், தேவையில்லாமல் இன்சுலின் சொட்டை நீட்டித்துக்கொண்டே போவார்.

அல்புமின் குறைந்த நோயாளியிடம் இந்த இடைவெளி பொய் சொல்லும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அளக்கப்படாத எதிர்மின் அயனிகளில் பெரும்பங்கு அல்புமின். டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே அது ஒவ்வொரு கிராம் குறையும்போதும், கணக்கில் வந்த இடைவெளியோடு 2.5 கூட்ட வேண்டும். கல்லீரல் நோயாளிக்கும் நெடுநாள் தீவிர சிகிச்சையில் இருப்பவருக்கும் இது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

## எல்லாம் இயல்பாகத் தெரியும் அட்டவணை

இன்னொரு நீரிழிவு நோயாளி. மூன்று நாட்களாக ஓயாத வாந்தி.

```
pH      7.40
PaCO2   40
HCO3    24
Na     140
Cl      90
```

முதல் மூன்று வரிகளைப் படித்தவர் ‘இயல்பு’ என்று எழுதி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். ஆனால் இடைவெளி 140 − (90 + 24) = 26. இயல்பை விட 14 அதிகம். அதாவது 14 மில்லிமோல் பைகார்பனேட்டை ஏதோ ஓர் அமிலம் அழித்திருக்கிறது. அப்படியிருந்தும் இன்று 24 இருக்கிறதென்றால், அந்த அமிலம் வராவிட்டால் 38 இருந்திருக்கும். வாந்தியில் வயிற்று அமிலம் போனதால் ஆல்கலோசிஸ். இன்சுலின் குறைந்ததால் கீட்டோன் அசிடோசிஸ். இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கின்றன. வாந்தி நின்ற சில மணி நேரத்தில் pH சரிந்துவிடும். இடைவெளியை எப்போதும் கணக்கிட வேண்டும் என்று நான்காவது படி வற்புறுத்துவது இதற்காகத்தான்.

## எண்களே தவறாக இருந்தால்

ஸ்லைடில் உள்ள அட்டவணையை வாசிக்கும் முன், மூன்று எண்களும் தங்களுக்குள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது நல்லது. 7.25 முதல் 7.50 வரையுள்ள pH-க்கு எளிய வழி உண்டு: 80-லிருந்து புள்ளிக்குப் பின்னுள்ள இரண்டு இலக்கங்களைக் கழித்தால் ஏறத்தாழ H⁺ கிடைக்கும். ஒரு ஸ்லைடில் pH 7.25, PaCO₂ 30, HCO₃ 18 என்று இருந்தால், pH-இன்படி H⁺ சுமார் 55. சூத்திரப்படி 24 × 30 / 18 = 40. இந்த அட்டவணை எந்த உடலிலும் இருக்க முடியாது. இயந்திரம் pH-ஐயும் PaCO₂-வையும் அளந்து, HCO₃-ஐ அவற்றிலிருந்தே கணக்கிடுகிறது. எனவே பொருத்தமின்மை தெரிந்தால் தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். வெவ்வேறு நேரத்து எண்களை ஒன்றாக ஒட்டியதாகவும் இருக்கலாம்.

எண்கள் பொருந்தியும் மாதிரி கெட்டிருக்கலாம்:

1. ஊசி தமனிக்குப் பதில் சிரையில் பட்டிருந்தால் ஆக்சிஜன் மிகக் குறைவாகத் தெரியும். PaCO₂ சில அலகுகள் கூடும். pH பெரும்பாலும் 0.03 அளவே குறையும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் செறிவை 97 சதவீதம் என்று காட்டும்போது அட்டவணை 70 சதவீதம் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

2. சிரிஞ்சில் காற்றுக் குமிழி தங்கினால் PaCO₂ குறையும். ஆக்சிஜன் அறைக் காற்றின் அளவை நோக்கி நகரும்.

3. திரவ ஹெப்பரின் அதிகமாக இருந்தால் இரத்தம் நீர்த்துப்போய் PaCO₂-உம் HCO₃-உம் சேர்ந்து குறையும். வளர்சிதை மாற்ற அசிடோசிஸ் ஈடுகட்டப்பட்டிருப்பதுபோலவே தோன்றும்.

4. மாதிரி அரை மணி நேரத்துக்கு மேல் அறை வெப்பத்தில் கிடந்தால், உயிரோடிருக்கும் இரத்த அணுக்கள் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடையும் அமிலத்தையும் சேர்க்கும். வெள்ளணுக்கள் மிக அதிகமான இரத்தப் புற்றுநோயாளியிடம் இது சில நிமிடங்களிலேயே நடந்துவிடும். அவருடைய மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து உடனே இயந்திரத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும்.